திரையில் தங்கிவிட்ட பழைய நீலம்

2025 ஜூலை 21, திங்கட்கிழமை. ஆடி பிறந்து நான்கைந்து நாள்தான் ஆகியிருக்கிறது. ஈரோட்டில் ஒரு ஜவுளிக் கடை, தன் இணையதளத்தில் ஆடித் தள்ளுபடியை அறிவிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தளத்தைப் பார்த்துக்கொள்ளும் இளைஞர் இரண்டு கோப்புகளைத் திருத்துகிறார். `index.html` என்ற கோப்பில் தள்ளுபடி வாசகத்தைச் சேர்க்கிறார். `style.css` என்ற கோப்பில், பக்கத்தின் உச்சியில் நீலமாக இருந்த பட்டையைச் சிவப்பாக்குகிறார். இரண்டையும் சேமித்து, சர்வரில் ஏற்றிவிட்டு, குரோம் பிரவுசரில் F5 விசையைத் தட்டுகிறார்.

வாசகம் வந்துவிட்டது. பட்டை மட்டும் நீலமாகவே இருக்கிறது.

மறுபடியும் F5. அதே நீலம். கோப்பைத் திறந்து பார்த்தால் சிவப்பு என்றுதான் எழுதியிருக்கிறது. மறுபடி சேமிக்கிறார், மறுபடி ஏற்றுகிறார், பலனில்லை. கடைக்காரர் போன் செய்கிறார்: “தம்பி, கலர் மாத்தியாச்சுன்னு சொன்னீங்களே, இங்க இன்னும் நீலம்தானே தெரியுது?” இணையதள வேலையில் இறங்கிய எவருக்கும் இந்த நிமிடம் புதிதல்ல. தொடக்க நிலையில் இருப்பவர்கள் தாங்கள் எழுதியதில்தான் பிழை என்று நினைத்து, சரியாக இருந்த வரிகளையும் கலைத்துவிடுகிறார்கள். உண்மையில் எழுதியது சரி, சேமித்தது சரி, சர்வரில் இருப்பதும் புதியதுதான். பிரவுசர் அந்தக் கோப்பைக் கேட்டு சர்வரிடம் போகவே இல்லை.

பாதி மாறி பாதி மாறாமல் இருப்பதுதான் இதில் முக்கியமான தடயம். திரையில் ஒரே பக்கமாகத் தெரிவது, பல கோப்புகள் சேர்ந்து உருவானது. பிரவுசர் முதலில் `index.html` கோப்பை வாங்குகிறது. அதைப் படிக்கும்போதுதான், இந்தப் பக்கத்துக்கு `style.css` வேண்டும், இன்னின்ன படங்கள் வேண்டும் என்று அதற்குத் தெரிகிறது. பிறகு ஒவ்வொரு கோப்புக்கும் தனித்தனியாக ஒரு முடிவு எடுக்கிறது: சர்வரிடம் கேட்பதா, முன்பே வாங்கித் தன்னிடம் வைத்திருக்கும் பிரதியை எடுத்துக்கொள்வதா? அந்தப் பிரதிகள் கிடக்கும் இடத்துக்குத்தான் கேஷ் என்று பெயர். கணினியின் அல்லது கைபேசியின் நினைவகத்தில் பிரவுசர் தனக்கென்று ஒதுக்கிக்கொண்ட கிடங்கு அது.

கிடங்கு எதற்கு என்பதைத் தூரக் கணக்கு சொல்லிவிடும். பல இணையதளங்களின் சர்வர்கள் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் இருக்கின்றன. சென்னையிலிருந்து அங்கே நேர்க்கோட்டில் போனாலே சுமார் 13,800 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும். ஆகவே ஒரு கேள்வி போய், பதில் திரும்பி வர விநாடியில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு ஆகும். கேபிள்கள் வளைந்து செல்வதால் நடைமுறையில் இன்னும் கூடும். இதில் கவனிக்க வேண்டியது, பதில் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் இந்த நேரம் குறையாது என்பதுதான். ஒரு பக்கத்துக்கு ஐம்பது கோப்புகள் தேவைப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் “இது மாறியிருக்கிறதா?” என்று மட்டும் கேட்டாலும் அத்தனை கேள்விகளும் கடல் கடந்து போய்வர வேண்டும். அதனால் பிரவுசர் முடிந்தவரை கேட்காமலே இருக்கப் பார்க்கிறது.

எவ்வளவு காலம் கேட்காமல் இருக்கலாம் என்பதைச் சொல்லும் உரிமை சர்வருக்கு உண்டு. கோப்பை அனுப்பும்போது அதற்கு முன்னால் சில தலைப்பு வரிகளையும் சர்வர் அனுப்பும். அவை திரையில் தெரியாது. அவற்றில் ஒன்று இப்படி இருக்கலாம்:

```
Cache-Control: max-age=600
```

600 என்பது விநாடிக் கணக்கு. பத்து நிமிடம் வரை இந்தப் பிரதியை நம்பலாம், அதற்குள் என்னிடம் வர வேண்டாம் என்று அர்த்தம். நிரல் எழுதுவோர் இலவசமாகத் தளம் நடத்தும் கிட்ஹப் பேஜஸ் சேவை அனுப்புவது இதே 600-தான். அங்கே மாற்றம் செய்துவிட்டுத் தெரியவில்லையே என்று தவிப்பவர்கள், காபி குடித்துவிட்டு வந்தால் மாறியிருப்பதைக் காண்பது இதனால்தான்.

ஆனால் சர்வர் எதுவுமே சொல்லாவிட்டால்?

நம் ஜவுளிக் கடையின் நிலைமை அதுதான். உலகெங்கும் அதிகம் பயன்படும் அப்பாச்சி, என்ஜின்எக்ஸ் ஆகிய இரண்டு சர்வர் மென்பொருள்களையும் நிறுவியபடியே விட்டுவிட்டால், அவை `Cache-Control` வரியை அனுப்புவதில்லை. கோப்பு கடைசியாக எப்போது மாறியது என்ற தேதியை அனுப்பும்:

```
Last-Modified: Wed, 01 Jan 2025 00:00:00 GMT
```

காலக்கெடு சொல்லப்படாத இடத்தில் பிரவுசர் தானே ஊகித்துக்கொள்ளலாம் என்று இணைய விதிமுறை அனுமதிக்கிறது. அந்த ஊகத்துக்கு ஒரு வழக்கமான சூத்திரமும் அதிலேயே இருக்கிறது: கோப்பு மாறாமல் கிடந்த காலத்தில் 10 சதவீதம். பத்து ஆண்டுகளாக ஒரே வீட்டில் குடியிருப்பவர் அடுத்த மாதமும் அங்கேயே இருப்பார் என்று தபால்காரர் நம்புவதைப் போல, வெகுநாள் மாறாத கோப்பு இன்னும் கொஞ்ச நாள் மாறாது என்று பிரவுசர் நம்புகிறது. குரோம் இந்தக் கணக்கைத்தான் போடுகிறது. பயர்பாக்ஸும் இதையே போட்டு, ஒரு வாரத்துக்கு மேல் போகாமல் வரம்பு கட்டிக்கொள்கிறது.

கணக்கைக் கடைக்குப் பொருத்திப் பார்ப்போம். `style.css` கடைசியாக மாறியது 2025 ஜனவரி 1. ஒருவர் ஜூலை 20 அன்று அந்தத் தளத்தைப் பார்க்கிறார். அன்றைக்குக் கோப்பின் வயது 200 நாள். அதில் பத்தில் ஒரு பங்கு 20 நாள். ஆகவே அவருடைய குரோம், ஆகஸ்ட் 9 வரை அந்தப் பிரதியே போதும் என்று முடிவு செய்துவிடுகிறது. மறுநாள் ஜூலை 21-ல் கோப்பு மாறியது அதற்குத் தெரியாது. சர்வர் தானாக முன்வந்து பிரவுசருக்குச் சேதி அனுப்புவதில்லை, கேட்டால்தான் சொல்லும். பிரவுசரோ கேட்பதாக இல்லை. ஆடி மாதத் தள்ளுபடியில் பெரும்பகுதி நீலப் பட்டையோடு கழிந்துவிடும்.

இதிலிருந்து கிடைக்கும் விளைவு, பலர் அனுபவத்தில் கண்டும் காரணம் புரியாமல் விட்டது. தளத்தை முதன்முதலாகக் கட்டும் நாட்களில், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கோப்பைத் திருத்தும்போது இந்தத் தொல்லை பெரும்பாலும் இருப்பதில்லை. ஐந்து நிமிட வயதுள்ள கோப்பை அரை நிமிடம்தான் பிரவுசர் நம்பும். பிறகு தளம் நன்றாக ஓடுகிறது, ஆறேழு மாதம் யாரும் தொடுவதில்லை. அதன் பின் ஒரு நாள் அவசரமாகத் தொலைபேசி எண்ணையோ நிறத்தையோ மாற்ற வேண்டி வரும்போதுதான் மாற்றம் ஒட்டாமல் போகிறது. வெகுகாலம் அமைதியாக இருந்த கோப்பில் செய்யும் முதல் மாற்றமே மிக மெதுவாகப் பரவுகிறது. ‘அன்றைக்கு உடனே தெரிந்ததே, இன்றைக்கு என்ன வந்தது?’ என்று கேட்பவருக்கு விடை இதுதான்.

சரி, இளைஞர் F5 தட்டினாரே, அப்போதாவது பிரவுசர் கேட்டிருக்க வேண்டாமா? ஒரு காலத்தில் கேட்டது. F5 தட்டினால் பக்கத்தில் உள்ள ஒவ்வொரு கோப்புக்கும் சர்வரிடம் போய், மாறியதா என்று விசாரித்து வந்தது. அந்த விசாரணைக்கு ஒரு சிக்கனமான வழி 1996-ல் எழுதப்பட்ட எச்.டி.டி.பி. 1.0 விதிமுறையிலேயே உண்டு. பிரவுசர், தன்னிடம் உள்ள பிரதியின் தேதியைக் குறிப்பிட்டுக் கேட்கிறது:

```
GET /style.css HTTP/1.1
If-Modified-Since: Wed, 01 Jan 2025 00:00:00 GMT
```

அதற்குப் பிறகு மாறவில்லை என்றால் சர்வர் கோப்பை அனுப்பாமல், `304 Not Modified` என்ற சிறு பதிலை மட்டும் அனுப்பும். மாறியிருந்தால் முழுக் கோப்பும் வரும். பின்னால் வந்த எச்.டி.டி.பி. 1.1, தேதியோடு கோப்புக்கு ஓர் அடையாளக் குறியையும் சேர்த்தது. `ETag` என்ற தலைப்பில் வரும் அந்தக் குறி மாறினால் கோப்பு மாறிவிட்டது என்று பொருள்.

சிக்கனமான வழிதான். ஆனால் பதில் சிறியதானாலும் பயண நேரம் குறையாது என்று பார்த்தோமே. கைபேசியில் செய்தித் தளத்தையோ கிரிக்கெட் ஸ்கோரையோ பார்க்கிறவர் திரையை இழுத்துப் புதுப்பிக்கும்போது அவருக்கு வேண்டியது புதிய ஸ்கோர். தளத்தின் முத்திரைப் படமும் எழுத்து வடிவமும் மாறியதா என்று ஐம்பது கேள்வி அனுப்புவதால் அவருக்கு லாபம் இல்லை, காத்திருப்பும் டேட்டா செலவும்தான் மிச்சம். அதனால் குரோம் 2016 இறுதியில் வெளிவந்த 54-ஆம் பதிப்பிலிருந்து F5-இன் பொருளையே மாற்றிவிட்டது. இப்போது F5 தட்டினால் `index.html` போன்ற முதன்மைக் கோப்பைப் பற்றி மட்டும் சர்வரிடம் கேட்கும். அதற்குத் துணையான கோப்புகளில் கெடு முடியாதவை இருந்தால் கிடங்கிலிருந்தே எடுத்துக்கொள்ளும். பயர்பாக்ஸும் 2022-ல் இதே முறைக்கு வந்தது.

ஈரோட்டுக் குழப்பம் இங்கே தெளிந்துவிடுகிறது. முதன்மைக் கோப்பைப் பற்றிக் கேட்டதால் தள்ளுபடி வாசகம் வந்தது. துணைக் கோப்புக்கு ஆகஸ்ட் 9 வரை கெடு இருந்ததால் நிறம் வரவில்லை. கோடிக்கணக்கான வாசகர்களுக்கு நன்மை செய்த அந்தத் திருத்தம், தளத்தைக் கட்டுகிறவருக்கு F5-ஐ நம்ப முடியாத விசையாக்கியது. முடிவு சரியானதுதான். ஆனால் கட்டுகிறவர்கள் பலருக்கும் அது இன்றுவரை எட்டவில்லை.

இந்த இடத்தில்தான் ஹார்டு ரிஃப்ரெஷ் கைகொடுக்கிறது. விண்டோஸ், லினக்ஸ் கணினிகளில் Ctrl+Shift+R. விண்டோஸில் Ctrl+F5-உம் வேலை செய்யும். மேக் கணினியில் குரோம், பயர்பாக்ஸ் என்றால் Cmd+Shift+R, சஃபாரி என்றால் Cmd+Option+R. பெயரைக் கேட்டு இது கேஷ் முழுவதையும் துடைத்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பிற தளங்களின் பிரதிகளை அது தொடுவதே இல்லை. இந்த ஒரு பக்கத்தைத் திறக்கும்போது மட்டும், கிடங்கில் இருப்பதைப் பொருட்படுத்தாமல், துணைக் கோப்புகள் உட்பட எல்லாவற்றையும் புதிதாகக் கேட்கிறது. “என்னிடம் இந்தத் தேதிப் பிரதி இருக்கிறது” என்ற வரியை விட்டுவிடுகிறது, அதற்குப் பதில் இந்த இரண்டு வரிகளைச் சேர்க்கிறது:

```
Cache-Control: no-cache
Pragma: no-cache
```

இரண்டும் ஒரே கோரிக்கைதான், கிடங்குப் பிரதியைத் தர வேண்டாம் என்பது. இரண்டாவது வரி பழைய 1.0 விதிமுறை மட்டுமே தெரிந்த சாதனங்களுக்காக. புதிய கோப்பு வந்து சேர்ந்ததும் பழைய பிரதியின் இடத்தில் அது உட்காரும். ஆகவே ஒருமுறை ஹார்டு ரிஃப்ரெஷ் செய்தபின், சாதாரணமாகத் திறந்தாலும் சிவப்பே தெரியும்.

நடப்பதைக் கண்ணால் பார்க்கவும் வழி இருக்கிறது. F12 விசையை அழுத்தி, Network என்ற பகுதியைத் திறந்து வைத்துக்கொண்டு F5 தட்ட வேண்டும். ஒவ்வொரு கோப்பும் ஒவ்வொரு வரியாக வந்து விழும். `style.css` வரியில் Size என்ற பத்தியின் கீழ் `(disk cache)` அல்லது `(memory cache)` என்று இருந்தால், பிரவுசர் சர்வரிடம் போகவில்லை. நிலை எண் 304 என்றால் போய்க் கேட்டு, மாறவில்லை என்ற பதிலோடு வந்திருக்கிறது. 200 என்று இருந்து, பக்கத்தில் அளவும் எண்ணில் தெரிந்தால் கோப்பு உண்மையிலேயே வந்து இறங்கியிருக்கிறது. அதே பகுதியில் Disable cache என்று ஒரு கட்டம் உண்டு. வேலை செய்யும் நேரத்தில் அதில் குறியிட்டு வைத்தால், F12 பலகம் திறந்திருக்கும் வரை கிடங்கு பயன்படாது. தளம் கட்டுகிறவர்கள் விரலுக்கு வேலை கொடுப்பதை விட இதைப் பழக்கமாக்கிக்கொள்வது நல்லது. பலகத்தை மூடியதும் பழைய வழக்கம் திரும்பிவிடும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

ஹார்டு ரிஃப்ரெஷ் செய்தும் நீலமே வந்தால், குற்றவாளி வேறு இடத்தில் இருக்கிறார். தேட வேண்டிய இடங்கள் அதிகமில்லை. பிரவுசரில் அந்தக் கோப்பின் முகவரியையே தட்டச்சு செய்து, கடைசியில் ஒரு வாலைச் சேர்த்துத் திறந்து பார்க்க வேண்டும்:

```
/style.css?x=1
```

பிரவுசரைப் பொறுத்தவரை வால் உள்ள முகவரி வேறு முகவரி. அந்தப் பெயரில் கிடங்கில் எதுவும் இல்லாததால் சர்வரிடம் போய்த்தான் ஆக வேண்டும். வால் என்ன என்று தெரியாத சர்வர், அதை ஒதுக்கிவிட்டு அதே `style.css` கோப்பையே தரும். இப்படித் திறந்தும் உள்ளே பழைய நீலமே எழுதியிருந்தால் கேஷைப் பழிப்பதில் பயனில்லை. மாற்றம் சர்வருக்கே போய்ச் சேரவில்லை. வேறு கோப்புறையில் ஏற்றியிருக்கலாம், அல்லது சேமித்ததாக நினைத்துச் சேமிக்காமல் விட்டிருக்கலாம். வி.எஸ்.கோட் போன்ற எடிட்டர்களில் கோப்பின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு வட்டம் தெரிந்தால் அது இன்னும் சேமிக்கப்படவில்லை. கோப்பில் சிவப்பு இருந்தும் திரையில் வராவிட்டால், அதே பட்டைக்கு வேறொரு விதி நீலம் சொல்லிக்கொண்டிருக்கலாம். F12 பலகத்தில் தோற்ற விதி குறுக்குக் கோடிட்டுக் காட்டப்பட்டால் அதுவே அதற்கு அடையாளம்.

இன்னொரு நிலையும் உண்டு. வாலோடு திறந்தால் புதியது, வாலில்லாமல் ஹார்டு ரிஃப்ரெஷ் செய்தால் பழையது. இதைப் பார்த்தால் நடுவில் ஒருவர் நிற்கிறார் என்று அறியலாம். கிளவுட்ஃப்ளேர் போன்ற நிறுவனங்கள் உலகின் பல ஊர்களில் சர்வர்களை வைத்து, மூலத் தளத்தின் பிரதிகளைத் தங்களிடமும் வைத்துக்கொள்கின்றன. தூரத்தைக் குறைக்கும் அதே நோக்கம்தான். ஆனால் அந்தக் கிடங்கு நம் பிரவுசரில் இல்லை. பிரவுசர் `no-cache` என்று கேட்டாலும் கிளவுட்ஃப்ளேர் பொதுவாக அதற்குக் கட்டுப்படுவதில்லை. கட்டுப்பட்டால், விசையைத் திரும்பத் திரும்ப அமுக்கியே எவர் வேண்டுமானாலும் மூல சர்வரைத் திணறடித்துவிடலாம். பதிலின் தலைப்பில் `cf-cache-status: HIT` என்று தெரிந்தால் கோப்பு அந்த நடுக் கிடங்கிலிருந்து வந்திருக்கிறது. அதைக் காலி செய்யும் அதிகாரம் தளத்தின் உரிமையாளருக்கு மட்டுமே உண்டு. கிளவுட்ஃப்ளேர் கணக்குக்குள் நுழைந்து, Purge என்ற பொத்தானை அழுத்த வேண்டும்.

இவ்வளவும் செய்தபின் இளைஞரின் திரையில் சிவப்பு வந்துவிட்டது. கடைக்காரரிடமும் சொல்லிவிடுகிறார்: “எனக்குச் சரியா வருதுண்ணா. Ctrl, Shift, R மூணையும் சேர்த்து அமுக்கிப் பாருங்க.” அங்கேயும் சிவப்பு. இருவருக்கும் நிம்மதி.

உண்மையான ஆபத்து இந்த நிம்மதியில்தான் இருக்கிறது. ஹார்டு ரிஃப்ரெஷ் சரிசெய்தது அந்த இரண்டு பிரவுசர்களை மட்டும். முந்தின நாள் தளத்தைப் பார்த்துப் போன ஒவ்வொரு வாடிக்கையாளரின் கைபேசியிலும் பழைய பிரதி அப்படியே இருக்கிறது. அவர்களில் பெரும்பாலோருக்கு ஹார்டு ரிஃப்ரெஷ் என்ற ஒன்று இருப்பதே தெரியாது. தெரிந்தாலும் ஆண்ட்ராய்டு குரோமில் அதற்கென்று விசை கிடையாது. அமைப்புகளுக்குள் போய் Cached images and files என்பதை அழிக்கச் சொல்லலாம், ஆனால் துணி வாங்க வந்தவரிடம் எந்தக் கடைக்காரர் அதைச் சொல்வார்? நிறம் மட்டும் பழையதாக இருந்தால் பரவாயில்லை. புதிய `index.html` கோப்பில் சேர்த்த பெட்டிக்கு எந்த அளவு, எந்த இடம் என்று பழைய `style.css` கோப்புக்குத் தெரியாது. அப்போது பக்கமே குலைந்து, எழுத்தின் மேல் எழுத்து ஏறிக்கிடக்கும். கட்டியவரின் திரையில் அழகாக இருப்பதால் அவருக்கு அது தெரியவும் தெரியாது. இதைப் பிடிக்க ஒரு வழி, தளத்தை முன்பு திறந்திருந்த இன்னொருவரின் கைபேசியில் சாதாரணமாகத் திறந்து பார்ப்பது. மறைநிலைச் சாளரத்தில் பார்ப்பது இதற்கு உதவாது. அது காலிக் கிடங்கோடு தொடங்குவதால், முதன்முறை வருபவருக்கு என்ன தெரியும் என்பதைத்தான் காட்டும்.

ஆகவே நிரந்தரத் தீர்வு வாசகரின் விசைப்பலகையில் இல்லை, தளத்தின் கோப்பில் இருக்கிறது. சற்று முன் சோதனைக்குப் பயன்பட்ட வாலையே பக்கத்துக்குள் எழுதிவிட வேண்டும்:

```html
<link rel="stylesheet" href="/style.css?v=2">
```

`style.css` மாறும் ஒவ்வொரு முறையும் இந்த எண்ணையும் மாற்ற வேண்டும். முகவரி புதிதாக இருப்பதால் எந்தப் பிரவுசரின் கிடங்கிலும் அது இருக்காது, கேட்டு வாங்கியே தீரும். படங்களுக்கும் இதுவே விதி. தள்ளுபடிப் படத்தைப் பழைய `banner.jpg` என்ற பெயரிலேயே ஏற்றினால் பலருக்குச் சென்ற ஆண்டுப் படம்தான் தெரியும், `banner-2025.jpg` என்று ஏற்றினால் அந்தச் சிக்கலே எழாது. பெரிய தளங்கள் இதைக் கையால் செய்வதில்லை. கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட ஒரு குறியைப் பெயரிலேயே ஒட்டிவிடும் கருவிகள் உண்டு. ஓர் எழுத்து மாறினாலும் பெயர் மாறிவிடும்.

வேர்ட்பிரஸ் தளங்களில் இந்த வால் ஏற்கெனவே இருக்கிறது, `?ver=` என்று. ஆனால் அந்த எண் பெரும்பாலும் தீமின் பதிப்பு எண்ணாகவோ வேர்ட்பிரஸ் பதிப்பு எண்ணாகவோ இருக்கும். கோப்பை மட்டும் திருத்தினால் எண் மாறாது, பலனும் இராது. எண்ணுக்குப் பதில் கோப்பு மாறிய நேரத்தையே வாலாக வைக்க `filemtime` என்ற பி.எச்.பி. செயல்பாடு உதவும்:

```php
$file = get_stylesheet_directory() . '/style.css';
wp_enqueue_style('kadai', get_stylesheet_uri(), [], filemtime($file));
```

இதன்பின் சேமித்த கணத்திலேயே வால் மாறிவிடும், யாரும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

வால் வேலை செய்ய ஒரு நிபந்தனை உண்டு. புதிய வாலை அறிவிப்பது `index.html`. அதுவே பழையதாக இருந்தால் புதிய முகவரி யாருக்கும் போய்ச் சேராது. F5 தட்டுகிறவருக்குத்தான் முதன்மைக் கோப்பைப் பற்றி பிரவுசர் கேட்கும். முகவரியைத் தட்டச்சு செய்தோ, வாட்ஸ்அப்பில் வந்த இணைப்பைத் தொட்டோ வருகிறவருக்கு, கெடு முடியாத `index.html` கிடங்கிலிருந்தே வந்துவிடும். ஆகவே அந்தக் கோப்புக்கு மட்டும் சர்வர் இப்படிச் சொல்ல வேண்டும்:

```
Cache-Control: no-cache
```

இந்த வரி சேமித்து வைப்பதைத் தடுப்பதில்லை. சேமித்துக்கொள், ஆனால் ஒவ்வொரு முறையும் என்னைக் கேட்டுவிட்டுப் பயன்படுத்து என்பதுதான் அதன் உத்தரவு. சேமிக்கவே கூடாது என்றால் `no-store` என்று எழுத வேண்டும், வங்கிக் கணக்குப் பக்கம் போன்றவற்றுக்கு அது பொருந்தும். வாலோடு கூடிய துணைக் கோப்புகளுக்கு நேரெதிராக, `max-age=31536000` என்று ஓர் ஆண்டு கெடு கொடுத்துவிடலாம். பெயர் மாறாமல் உள்ளடக்கம் மாறப்போவதில்லை என்பதால் அதில் பயமில்லை. இந்த இரண்டையும் மாற்றிப் போட்டுவிட்டால்தான் தலைவலி. `index.html` கோப்புக்கே ஓர் ஆண்டு கெடு கொடுத்துவிட்டு, பிறகு சர்வரில் எதை மாற்றினாலும், முன்பே வாங்கிப் போன பிரவுசருக்கு அது எட்டாது. வாடிக்கையாளர் தானாகப் புதுப்பிக்கும் வரை, அல்லது கிடங்கில் இடம் போதாமல் பிரவுசரே அதைத் தூக்கி எறியும் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

நம் இளைஞர் ஜூலை 21 மாலையே `?v=2` என்ற வாலையும் `no-cache` வரியையும் சேர்க்கிறார் என்று கொள்வோம். அவருடைய `index.html` அதற்கு முன் கடைசியாக மாறியது ஜூன் 30. ஜூலை 20-ல் அதைப் பார்த்தவருக்கு அதன் வயது 20 நாள், நம்பிக்கைக் கெடு 2 நாள். ஜூலை 22-ல் அந்தக் கெடு முடிகிறது. அதற்குப் பின் தளத்துக்கு வருகிறவரின் பிரவுசர் `index.html` பற்றிக் கேட்கும், புதியது வரும், அதற்குள் `style.css?v=2` என்ற, இதுவரை கேள்விப்படாத முகவரி இருக்கும், சிவப்புப் பட்டை திரையில் விழும். ஆகஸ்ட் 9 வரை நீண்டிருக்க வேண்டிய பழைய நீலம் இரண்டே நாளில் முடிகிறது. புதிய `index.html` கோப்பு `no-cache` வரியோடு வந்திருப்பதால், அடுத்த வாரம் தள்ளுபடி வாசகத்தை அவர் மறுபடி மாற்றும்போது அந்த இரண்டு நாளும் தேவைப்படாது. ஒவ்வொரு வருகைக்கும் ஒரே ஒரு கேள்வி சர்வருக்குப் போய்வரும், மற்றக் கோப்புகள் எல்லாம் கிடங்கிலிருந்தே வரும்.